2.5 ரூபாய் என்றால் எவ்வளவு? வகுப்பறைக் கடையில் 45 பைசா குறைந்தது

நவம்பர் 11, இரவு 9.40 | முதுநகர் கணக்கு டீச்சர்

ஏழாம் வகுப்புக்குத் தசமம் எடுக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. வகுப்பில் கடை போட்டு, விலைச்சீட்டு ஒட்டி, வாங்க விற்க வைத்தால் பிள்ளைகளுக்குத் தசமம் பிடிபட்டுவிடும் என்று பல வருஷமாக நம்பி வந்தேன். இன்று அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. கடை போடுவதால் தசமம் வருகிறதா, இல்லை, வராதது வெளியே தெரியாமல் போகிறதா?

நடந்தது இதுதான். ஜன்னல் பக்கம் ஒரு கடை, கரும்பலகைப் பக்கம் ஒரு கடை. இரண்டிலும் கல்லாவில் 20 ரூபாய் (அட்டைக் காசுதான்). இரண்டிலும் ஒரே சரக்கு, ஒரே விலை. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி விலைச்சீட்டு செய்தேன். ஒவ்வொரு வருஷமும் 2.50 என்றுதான் எழுதுவேன். இந்த முறை பென்சிலுக்கு வைத்திருந்த சீட்டு சின்னது, 2.5 என்று எழுதி ஒட்டிவிட்டேன். ரப்பர் 1.35. ஊக்கு 0.75.

இரண்டு கடையிலும் ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஒரு ஊக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பத்து ரூபாய் நீட்டினார்கள். கடை மூடிக் கல்லா எண்ணினால் கரும்பலகைக் கடையில் 24.60, ஜன்னல் கடையில் 24.15. ஒரே சரக்கு விற்று 45 பைசா எங்கே போனது என்று பிள்ளைகளே சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

நவம்பர் 11, இரவு 10.05 | மஞ்சக்குப்பம் மளிகை

டீச்சர், 45 பைசாவுக்கு இவ்வளவு கவலையா? 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-லேயே செல்லாமல் போய்விட்டன. சட்டப்படி இப்போது 50 பைசாதான் கடைசி, அதையும் கடையில் யாரும் வாங்குவதில்லை. நாங்கள் பில்லில் முழு ரூபாய்க்குத் தள்ளிவிடுவோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள். அப்புறம், 2.5 என்று எந்தக் கடையிலும் விலை போடமாட்டார்கள். 2.50 என்றுதான் போடுவோம். தப்பு சீட்டில்தான் இருக்கிறது.

நவம்பர் 11, இரவு 10.30 | முதுநகர் கணக்கு டீச்சர்

அண்ணாச்சி, நிஜக் காசு இல்லை, கணக்குக்காகப் போட்ட கடை. ஆனால் நீங்கள் கடைசியில் சொன்னது எனக்கு வேண்டிய இடத்திலேயே தொட்டுவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஜன்னல் கடையின் பில் தாள் இப்போது என் கையில் இருக்கிறது. எழுதிய பெண் கணக்கில் கெட்டிக்காரி. பில்லில் முதலில் 3.115 என்று எழுதி அடித்திருக்கிறாள், கீழே 4.15. முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. புள்ளிக்கு இடப்பக்கம் 2, 1, 0 கூட்டினால் 3. வலப்பக்கம் 5, 35, 75 கூட்டினால் 115. ஆக 3.115. பக்கத்தில் இருந்த பையன் "115 பைசா ஆயிட்டா ஒரு ரூபாய் தாண்டிடுச்சுல்ல" என்று சொல்லியிருக்கிறான். சரி என்று 4.15 ஆக்கினாள். பத்திலிருந்து கழித்து 5.85 பாக்கி கொடுத்தாள். கொடுக்க வேண்டியது 5.40.

பாருங்கள், ஒரே பில்லில் இரண்டு தப்பு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. மேலே இருந்ததைக் காசு திருத்திவிட்டது, ஏனென்றால் 115 பைசாவை அப்படியே வைத்திருக்க முடியாது என்று பிள்ளைக்குத் தெரியும். அடியில் இருந்த தப்பு அப்படியே தங்கிவிட்டது. 2.5 அவளுக்கு இரண்டு ரூபாய் ஐந்து பைசா. ஐம்பதுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 45.

என்னை உறுத்துவது இதுதான். போன வருஷங்களில் எல்லாச் சீட்டிலும் 2.50 என்று எழுதினேன். அப்போதும் பிள்ளைகள் மனதில் இதே கணக்குதான் ஓடியிருக்கும். விடை சரியாக வந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

நவம்பர் 12, காலை 6.50 | விருத்தாசலம் பி.எட்.

வணக்கம் டீச்சர். இதற்கு வழி சுலபம். புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் என்று பார்த்து, குறைவாக இருப்பதற்குப் பூஜ்ஜியம் போட்டுச் சமமாக்கச் சொல்லுங்கள். 2.5 உடனே 2.50 ஆகிவிடும். புள்ளிக்கு நேர் புள்ளி வைத்துக் கூட்டினால் தப்பவே தப்பாது. பயிற்சி வகுப்பு எடுக்கப் போனபோது நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், எல்லாருக்கும் வந்தது.

நவம்பர் 12, மாலை 5.20 | முதுநகர் கணக்கு டீச்சர்

தம்பி, நீங்கள் சொன்னதை இன்றே செய்து பார்த்தேன். கரும்பலகையில் 2.5 எழுதி, "புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வருகிற மாதிரி எழுதுங்கள்" என்றேன், அவ்வளவுதான். பூஜ்ஜியத்தை எங்கே போடுவது என்று சொல்லவில்லை. 31 பேரில் 9 பேர் 2.05 என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான வேலை. ஐந்து பைசா என்று நினைக்கிற பிள்ளை அதை இரண்டு இலக்கத்தில் எழுதச் சொன்னால் 05 என்றுதான் எழுதும். "பின்னால்தான் போடணும்" என்று அழுத்திச் சொன்னால் போடுவார்கள், விடையும் வரும். ஆனால் ஐந்து ஐம்பதாக மாறியது ஏன் என்று கேட்டால் "டீச்சர் சொன்னாங்க" என்பதுதான் பதில். எனக்கு அது போதவில்லை.

இன்னொன்றும் செய்தேன். 2.5, 2.05, 2.35 என்று மூன்று சீட்டு கொடுத்து, விலை குறைவிலிருந்து கூடுதலுக்கு அடுக்கச் சொன்னேன். அந்த 9 பேரில் சிலர் 2.5-ஐயும் 2.05-ஐயும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டார்கள், இரண்டும் ஒரே விலையாம். மூன்றே சீட்டு, ஐந்து நிமிஷம். யார் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நவம்பர் 12, இரவு 8.10 | நெல்லிக்குப்பம் ஓய்வு

அம்மா, உங்கள் பிள்ளை போட்ட கணக்கைப் பார்த்ததும் என் தகப்பனார் நோட்டு ஞாபகம் வந்தது. அதில் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் இருக்கும். 2-5-0 என்றால் இரண்டு ரூபாய் ஐந்தணா. அந்தக் கோடு வெறும் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய், அதற்கும் அந்தப் பக்கம் 12 பை சேர்ந்தால் ஓர் அணா. இரண்டரை ரூபாயை அதில் 2-8-0 என்று எழுதவேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கூட்டி, மிஞ்சினால் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவோம். உங்கள் மாணவி செய்ததும் அதேதான். 115 வந்ததும் நூறைத் தள்ளிவிட்டாள். அணாக் கணக்கில் அவளுக்கு முழு மதிப்பெண்.

1957 ஏப்ரல் 1-இல் ரூபாயை நூறு நயாபைசாவாக்கினார்கள். அதற்கு அப்புறம்தான் ரூபாய்க் கணக்கில் புள்ளி வைத்து எழுத வழி பிறந்தது. கடைக்காரர்கள் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓர் அணா மட்டும் சரியாக வராது, 6.25 பைசா.

ஆகவே, பிள்ளைகளுக்குப் புள்ளி வேலியாகத் தெரிகிறது. அதை ஒன்றாம் இடத்தைக் காட்டும் அடையாளமாகப் பார்க்க வைக்க வேண்டும். அதற்கு, இடையில் உள்ள பத்துப் பைசா கண்ணில் பட வேண்டும். ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது என்பதையே நம் காசு மறைத்துவிட்டது.

நவம்பர் 12, இரவு 8.45 | லாஸ்பேட்டை அம்மா

என் மகளும் ஏழாவதுதான், புதுச்சேரியில் படிக்கிறாள். போன தேர்வில் பாக்கி எவ்வளவு என்ற கேள்விக்கு "ரூ. 5.5" என்று எழுதியிருந்தாள். மிஸ் அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். 5.50 என்று எழுத வேண்டுமாம். இரண்டும் ஒன்றுதானே? வீட்டில் அழுகை. இது சரியா தப்பா என்று யாராவது சொல்லுங்கள்.

நவம்பர் 12, இரவு 8.55 | மஞ்சக்குப்பம் மளிகை

நான் அப்போதே சொன்னேன். ரூபாய் என்று வந்தால் 2.50. குறைத்தது சரிதான்.

நவம்பர் 12, இரவு 9.35 | முதுநகர் கணக்கு டீச்சர்

லாஸ்பேட்டை அம்மா, எழுதும் வழக்கம் வேறு, மதிப்பு வேறு. அண்ணாச்சி சொல்கிற வழக்கம் உண்மை, ரூபாயை இரண்டு இலக்கமாகத்தான் எழுதுகிறோம். உங்கள் மகளின் கணக்கும் உண்மை. நான் குறைத்திருக்க மாட்டேன், ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதியிருப்பேன்.

ஐயா, வேலி என்று நீங்கள் சொன்னதிலிருந்து கண்ணில் படுகிற புள்ளியெல்லாம் வேலியாகவே தெரிகிறது. பஸ் நிலையத்தில் கால அட்டவணை, 4.30. அது நாலரை மணி, ஆனால் நாலரையைத் தசமத்தில் எழுதினால் 4.5. இந்தப் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்திலேயே 9.35 என்று நிற்கிறது, அதுவும் தசமம் இல்லை. தேதிக்குப் புள்ளி வைக்கிறோம். கிரிக்கெட்டில் 4.5 ஓவர் என்றால் நாலு ஓவர் ஐந்து பந்து, இன்னொரு பந்து போட்டால் 5 ஓவர். என் வகுப்புப் பையன்கள் தினமும் மைதானத்தில் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். புள்ளி என்றால் இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது, நடுவில் தடுப்பு என்று பிள்ளைகள் நினைப்பது முட்டாள்தனமே இல்லை. நாம்தான் ஊரெல்லாம் அப்படிப் புள்ளி வைத்திருக்கிறோம்.

காசும் அவர்களுக்குப் பழக்கம் இல்லை. தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் பாதிப் பேர். மீனைக் கூறு போட்டு, கூறு நூறு, கூறு இருநூறு என்று விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பைசாவைக் கையில் தொட்டதே இல்லை. தெரிந்த பொருளை வைத்துத் தெரியாததைச் சொல்கிறோம் என்று நினைத்தேன். அவர்களுக்கு இரண்டுமே தெரியாதது.

நவம்பர் 12, இரவு 9.50 | விருத்தாசலம் பி.எட்.

ஓவர் கணக்கு சூப்பர் டீச்சர். 4.5-உடன் 0.1 கூட்டினால் 5 வருகிற ஒரே ஊர் மைதானம்தான். பூஜ்ஜியம் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் தேர்வுக்கு அது உதவும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

நவம்பர் 13, காலை 10.20 | முதுநகர் கணக்கு டீச்சர்

மழை விடுமுறை. உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா சொன்ன பத்துப் பைசாவைக் கண்ணுக்குக் கொண்டுவர இதுதான் தோன்றியது. கிராப் தாளில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம், அது ஒரு ரூபாய். அதில் ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை, பத்துப் பைசா. அந்தப் பட்டையில் ஒரு சென்டிமீட்டர் கட்டம், ஒரு பைசா. பத்துப் பட்டையை அடுக்கினால் ரூபாய் மேல் ஒட்டின மாதிரி உட்காரும், பத்துக் கட்டத்தை வரிசையாக வைத்தால் ஒரு பட்டை. நான் வருஷக்கணக்கில் கொடுத்த அட்டைக் காசில் எல்லாம் வட்டம். எழுதியிருக்கிற எண்ணைத் தவிர ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எந்த அளவும் தெரியாது.

ஆறு குழுவுக்கு, குழுவுக்குப் பத்து ரூபாய், இருபது பட்டை, இருபது கட்டம். பின்னால் பழைய காலண்டர் அட்டை ஒட்டுகிறேன், இல்லாவிட்டால் சுருண்டுவிடும்.

ஒரே ஒரு விதி வைக்கப் போகிறேன். வங்கிப் பிள்ளை பத்துக்கு ஒன்றுதான் மாற்றித் தரும். நூறு கட்டத்தைக் கொண்டுவந்து நேரே ரூபாய் கேட்டால் கிடைக்காது, பட்டை வழியாகத்தான் போகவேண்டும்.

நவம்பர் 14, மாலை 6.15 | முதுநகர் கணக்கு டீச்சர்

குழந்தைகள் தின விழாவில் முதல் இரண்டு பீரியட் போய்விட்டது. மிச்சத்தில் நடத்தினேன்.

பெஞ்சில் மூன்று தட்டு. இடப்பக்கம் ரூபாய்த் தட்டு, நடுவில் பட்டைத் தட்டு, வலப்பக்கம் கட்டத் தட்டு. ரூபாய்க்கும் பட்டைக்கும் நடுவில் சிவப்பு நூல், அதுதான் புள்ளி. விலைச்சீட்டு 2.5 கொடுத்து, "பென்சிலுக்குரிய காசைத் தட்டில் வை" என்றேன். ஜன்னல் கடைப் பெண் இரண்டு சதுரம் வைத்தாள், ஐந்து கட்டம் வைத்தாள். எதிரே இருந்த பையன் இரண்டு சதுரம், ஐந்து பட்டை. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அந்தப் பெண்ணிடம், "நீ வைத்ததைப் பார்த்து, தட்டு தட்டாக எத்தனை இருக்கிறது என்று எழுது" என்றேன். ரூபாய்த் தட்டில் 2. நூல், அதனால் புள்ளி. அடுத்த தட்டைப் பார்த்தாள், காலி. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். 0 எழுதினாள். அப்புறம் 5. தாளில் 2.05 நிற்கிறது, கையில் சீட்டில் 2.5 இருக்கிறது. "அது இல்ல இது" என்று தானாகவே ஐந்து கட்டத்தையும் எடுத்துவிட்டுப் பட்டையை வைத்தாள். அந்த 0 காலித் தட்டின் பெயர் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அவளுக்கு இப்படி வந்திருக்காது.

அதே மூன்று சரக்கை மறுபடி விற்றோம். பட்டை 5, 3, 7, ஆக 15. கட்டம் 5, 5, ஆக 10. பத்துக் கட்டத்துக்கு ஒரு பட்டை, இப்போது பட்டை 16. பத்துப் பட்டைக்கு ஒரு ரூபாய், மிச்சம் 6. ரூபாய் 2, 1, வந்தது 1, ஆக 4. 4.60. கட்டத் தட்டு காலி என்பதால் சிலர் 4.6 என்று எழுதினார்கள், சிலர் 4.60. இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். லாஸ்பேட்டை அம்மா, உங்கள் மகள் இங்கே இருந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், ஒரு பைசாக் கட்டமெல்லாம் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. பத்து நிமிஷம் வீண். கட்டத்துக்கு மட்டுமாவது கனமான அட்டை ஒட்டுங்கள்.

வாசிப்பதையும் மாற்றிவிட்டேன். "இரண்டு புள்ளி முப்பத்தைந்து" என்று இனி யாரும் சொல்லக் கூடாது, "இரண்டு புள்ளி மூன்று ஐந்து". முப்பத்தைந்து என்று வாய் சொல்லும்போதே அது தனி எண் ஆகிவிடுகிறது, 5-ஐவிடப் பெரியதாகவும் ஆகிவிடுகிறது.

நவம்பர் 14, இரவு 9.10 | மஞ்சக்குப்பம் மளிகை

டீச்சர், ஒரு சந்தேகம். எங்கள் தராசில் 1.500 என்று வரும். கடைக்கு வருகிற சின்னப் பிள்ளைகூட அதைப் பார்த்து ஒன்றரைக் கிலோ என்று சரியாகச் சொல்கிறது. 1.5 என்று துண்டில் எழுதிக்கொண்டு வந்தாலும் ஒன்றரைதான். ஒரு கிலோ ஐந்து கிராம் என்று யாரும் கேட்டதில்லை. காசில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள்?

நவம்பர் 15, காலை 7.05 | முதுநகர் கணக்கு டீச்சர்

அண்ணாச்சி, இதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் "ஒன்றரைக் கிலோ வாங்கி வா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அரை என்ற சொல் அவர்கள் வாயில் முன்பே இருக்கிறது, 1.5 அந்தச் சொல்லுக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். இரண்டரை ரூபாய் என்று இன்று யாரும் சொல்வதில்லை, அந்த விலைக்குப் பொருளும் இல்லை. என் பாட்டி காலத்துப் பிள்ளையாக இருந்தால் 2.5-ஐப் பார்த்ததும் இரண்டரை என்று சொல்லியிருக்கும்.

ஆனால் இது கால், அரை, முக்கால் வரைதான் கைகொடுக்கும். 1.35-க்குச் சொல் இல்லை.

நவம்பர் 17, இரவு 8.30 | முதுநகர் கணக்கு டீச்சர்

இன்று தட்டு, பட்டை எதுவும் இல்லாமல் வெறும் தாளில் கொடுத்தேன். 3.4-உடன் 2.15 கூட்டு. 5.55 வரவேண்டும். 5.19 என்று எழுதியவர்கள் 4 பேர், 4-ஐயும் 15-ஐயும் சேர்த்திருக்கிறார்கள். 9 பேர் நாலாகக் குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கேள்வி, 0.125, 0.3 இரண்டில் எது பெரியது? பாதி வகுப்பு 0.125 என்றது. பட்டையும் கட்டமும் வைத்து அழகாகப் பாக்கி கொடுத்த பிள்ளைகளும் அதில் உண்டு.

நவம்பர் 17, இரவு 9.15 | நெல்லிக்குப்பம் ஓய்வு

எதிர்பார்த்ததுதான் அம்மா. காசு இரண்டு இடத்தோடு நின்றுவிடும். அதனால் கடையிலேயே நின்றால் தசமம் என்பதே இரண்டு இலக்கச் சமாசாரம் என்று பதிந்துவிடும். மூன்றாம் இடத்துக்குத் தராசு வேண்டும், மீட்டர் அளவுகோல் வேண்டும். என்னைக் கேட்டால் அளவுகோலில் தசமத்தைத் தொடங்கி, கடையைக் கடைசியில் வைக்க வேண்டும். நீங்கள் வரிசையை மாற்றிவிட்டீர்கள்.

நவம்பர் 17, இரவு 9.40 | முதுநகர் கணக்கு டீச்சர்

ஐயா, இதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. கடையை முதலில் வைத்ததால்தான் அந்த 45 பைசா கிடைத்தது. கல்லா குறைந்தபோது பிள்ளைகளுக்கு ஆத்திரம் வந்த மாதிரி அளவுகோலில் மில்லிமீட்டர் குறைந்தால் வருமா? முதல் நாள் கடை போடுவதே வீண் என்கிற மாதிரி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எல்லாச் சீட்டிலும் இரண்டு இலக்கம் எழுதிய கடைதான் வீண். ஆனால் மூன்றாம் இடம் பற்றி நீங்கள் சொன்னது சரி. வரிசையை அடுத்த வருஷம் ஒரு பிரிவுக்கு அப்படியும் ஒரு பிரிவுக்கு இப்படியும் வைத்துப் பார்க்கிறேன்.

நவம்பர் 18, மாலை 5.45 | முதுநகர் கணக்கு டீச்சர்

இன்று விலைச்சீட்டை பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். அடுத்த குழுவைத் திணற வைக்கிற மாதிரி எழுதலாம், ஆனால் விற்கிறவர் காசு வைத்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஜன்னல் கடைப் பெண் ஒரு பாசிமணிக்கு 0.125 என்று சீட்டு ஒட்டினாள். ஒரு பட்டை வைத்தாள், இரண்டு கட்டம் வைத்தாள், மீதி 5-க்குத் தட்டு இல்லை. கத்தரிக்கோல் கேட்டாள். ஒரு பைசாக் கட்டத்தின் ஓரத்தில் கிராப் தாளின் மில்லிமீட்டர் கோடு பத்து தெரிகிறது. அதை எண்ணி, ஐந்தாவது கோட்டில் வெட்டி, வலப்பக்கம் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து அதன்மேல் வைத்தாள்.

0.3-க்கு மூன்று பட்டை பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் பார்த்த பையன், "மூணு இலக்கம் போட்டு ஏமாத்தப் பாத்தியா" என்றான்.

நாளைக்கு நாலாவது தட்டு கொண்டுபோக வேண்டும். அண்ணாச்சி, உங்கள் பழைய தராசை ஒரு நாள் இரவல் தர முடியுமா?

நவம்பர் 18, இரவு 9.20 | மஞ்சக்குப்பம் மளிகை

சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுபோங்கள், பேட்டரி நிற்காது.